வாக்களித்து வெளியே வருபவர்களில் யாரை நிறுத்திக் கேட்பது?

கேள்வி: நான் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கற்பிக்கிறேன். வரும் சட்டமன்றத் தேர்தலில் எங்கள் மாணவர்கள் நாற்பது பேரைக் கொண்டு ஒரே ஒரு தொகுதியில் எக்ஸிட் போல் நடத்திப் பார்க்க விரும்புகிறோம், பாடத்துக்காகத்தான். எந்த வாக்குச்சாவடிகளுக்குப் போவது, வெளியே வருபவர்களில் யாரிடம் கேட்பது என்பதில் எந்தப் பக்கமும் சாயாமல் முடிவெடுப்பது எப்படி?

பதில்: முதலில் சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 126A பிரிவின்படி, தேர்தல் ஆணையம் அறிவிக்கும் காலம் முடியும்வரை இத்தகைய கணிப்பின் முடிவை எந்த வழியிலும் வெளியிடக் கூடாது. மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவும் இதற்கு விலக்கல்ல. இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. ஆகவே தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, அவர் சொல்வதன்படி நடந்துகொள்ளுங்கள்.

வாக்குச்சாவடிகளைத் தேர்வதற்கான அடிப்படை ஆவணம், சென்ற தேர்தலின் படிவம் 20. ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைத் தரும் அந்தப் படிவம் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். அதை எடுத்ததும் ஒரு சிக்கல் தெரியவரும். நம் ஊர்களில் ஒரே பள்ளி வளாகத்தில் மூன்று நான்கு சாவடிகள் இயங்கும். எல்லா வாக்காளர்களும் ஒரே வாயில் வழியாக வெளியேறுவார்கள். வாயிலில் நிற்கும் மாணவரால், ஒருவர் எந்தச் சாவடியிலிருந்து வருகிறார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. எனவே சாவடியை விட்டுவிட்டுப் பள்ளியையே தேர்வின் அலகாகக் கொண்டு, அதிலுள்ள சாவடிகளின் வாக்குகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். இடைப்பட்ட காலத்தில் சாவடிகள் பிரிக்கப்பட்டோ இடம் மாற்றப்பட்டோ இருக்கலாம் என்பதால் புதிய பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் அவசியம்.

கணக்குக்காக, தொகுதியில் 120 பள்ளிகள், சென்ற முறை பதிவானவை 2,00,000 வாக்குகள் என்று கொள்வோம். ஒருவர் எண்ண, மற்றவர் பேச என மாணவர்கள் இருவர் இருவராகத்தான் நிற்க வேண்டும். ஆகவே 20 பள்ளிகள். பட்டியலை ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி என்று பகுதிவாரியாக அடுக்கி, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் சென்ற முறை வென்றவரின் வாக்கு விகிதப்படி வரிசைப்படுத்துங்கள். பிறகு வாக்குகளை மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 2,00,000-ஐ 20-ஆல் வகுத்தால் இடைவெளி 10,000. ஒன்றுக்கும் பத்தாயிரத்துக்கும் இடையே ஓர் எண்ணைக் குலுக்கி எடுங்கள். 3,700 வந்தால், 3,700-ஆவது வாக்கு விழுந்த பள்ளி, 13,700-ஆவது வாக்கு விழுந்த பள்ளி என்று பட்டியல் முடியும்வரை தொடருங்கள். 2,400 வாக்குகள் விழும் பள்ளிக்கு 1,200 விழும் பள்ளியைப் போல இரு மடங்கு வாய்ப்புக் கிடைக்கும். அதனால் எல்லாப் பள்ளிகளிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் பேட்டி எடுத்தால் போதும்.

குலுக்கலில் வந்த பள்ளி தொலைவாக இருக்கிறது என்றோ, அது குறிப்பிட்ட கட்சியின் கோட்டை என்றோ கருதி மாற்றிவிடாதீர்கள். கோட்டைகளுக்கும் பட்டியலில் அவற்றுக்குரிய இடம் உண்டு. (‘இந்தச் சாவடியில் யார் முந்துகிறாரோ அவரே தொகுதியில் வெல்வார்’ என்று உள்ளூர்க்காரர்கள் காட்டும் ராசியான சாவடிகளையும் நம்ப வேண்டாம், இருநூறுக்கு மேற்பட்ட சாவடிகளில் சில தற்செயலாகவே அப்படி அமைந்துவிடும்.) தேர்வான 20 பள்ளிகளில் சென்ற முறை ஒரு கட்சி 46 விழுக்காடும், தொகுதி முழுவதிலும் 44 விழுக்காடும் பெற்றிருந்தால் அந்த வேறுபாட்டைக் குறித்துவைத்து, இப்போதைய மதிப்பீட்டில் கழித்துக்கொள்ளலாம். பிரிட்டனில் ஒளிபரப்பு நிறுவனங்கள் நடத்தும் எக்ஸிட் போலின் அடிப்படையும் இதுதான்: இயன்றவரை முந்தைய தேர்தலில் நின்ற அதே சாவடிகளில் நின்று, கட்சிகளின் வாக்கு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை மட்டும் அளக்கிறார்கள்.

இதுவரை சொன்னது மேசையில் அமர்ந்து முடிக்கக்கூடிய வேலை. உண்மையான சாய்வு பள்ளி வாயிலில்தான் நுழைகிறது, ஏனென்றால் அங்கே தேர்வு மாணவரின் கண்ணிடம் போய்விடுகிறது. தன் வயதை ஒத்தவர், சிரித்த முகத்தோடு வருபவர், தனியாக வருபவர் ஆகியோரையே அது நாடும். அந்த உரிமையை அவரிடமிருந்து முற்றிலும் எடுத்துவிட வேண்டும். ஒரு பள்ளியில் 2,000 பேர் வாக்களிப்பார்கள், பாதிப் பேர் மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தால், 40 பேட்டிக்கு 80 பேரை அணுக வேண்டும். அதாவது ஒவ்வொரு 25-ஆவது நபரையும். 1,200 பேர் வரும் பள்ளியில் அது ஒவ்வொரு 15-ஆவது நபராகும். வாயிலுக்கு வெளியே ஒரு கோட்டைக் குறித்துக்கொண்டு, அதைத் தாண்டுபவர்களை ஒரு மாணவர் இடைவிடாமல் எண்ண வேண்டும். 25-ஆவதாகத் தாண்டியவர் மறுத்தால் 26-ஆவது நபரிடம் போகக் கூடாது. மறுத்தவரின் பாலினம், தோராயமான வயது, நேரம் ஆகியவற்றைக் குறித்துவிட்டு 50-ஆவது நபருக்குக் காத்திருக்க வேண்டும். கோட்டைத் தாண்டியவர் மனைவியாக இருக்க, கணவர் முன்வந்து பதில் சொன்னால், அது பேட்டியாகாது.

நண்பகலிலேயே 40 பேட்டிகள் கிடைத்துவிட்டாலும் நிறுத்தக் கூடாது. வேலைக்குப் போகுமுன் காலையில் வருபவர்களும், சமையலை முடித்துப் பதினோரு மணிக்கு வருபவர்களும், கடை அடைத்து மாலையில் வருபவர்களும் ஒரே மாதிரி வாக்களிப்பவர்கள் அல்லர். வாய்மொழியாகக் கேட்பதும் வேண்டாம். சின்னங்கள் அச்சிட்ட தாளைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். கட்சிக்காரர்களின் மேசையிலிருந்து பார்த்தால் தெரியாத இடமாகப் பெட்டியை வையுங்கள்.

வாயிலில் நேரும் பிழை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு 2004-ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தல் நல்ல சான்று. எடிசன், மிட்டோஃப்ஸ்கி நிறுவனங்கள் நடத்திய கணிப்பு, ஜான் கெர்ரியின் நிலையை உண்மையைவிட மிகைப்படுத்திக் காட்டியது. அவர்களே வெளியிட்ட ஆய்வின்படி சாவடித் தேர்வில் குறையில்லை. தேர்ந்த சாவடிகளுக்குள்ளேயே, முன்னிலைக் கணக்கு சராசரியாக 6.5 புள்ளிகள் பிசகியிருந்தது. கெர்ரியின் ஆதரவாளர்களில் 56 விழுக்காட்டினரும் புஷ் ஆதரவாளர்களில் 50 விழுக்காட்டினரும் பதிலளித்திருந்தாலே அந்தப் பிசகு வந்துவிடும் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. பேட்டியாளர் இளையவராக இருந்த இடங்களிலும், வாயிலிலிருந்து தொலைவில் நிறுத்தப்பட்ட இடங்களிலும் பிழை கூடுதலாக இருந்தது. உங்கள் மாணவர்கள் எல்லோரும் இளைஞர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மறுத்தவர்களின் குறிப்பை வைத்து வயது, பாலினச் சாய்வைச் சரிசெய்யலாம். ஆனால் ஒரு கட்சியின் ஆதரவாளர்கள் கூடுதலாக மறுப்பதை அந்தச் சரிசெய்தல் தொடாது.

அப்படி நடந்ததா என்பதை, புதிய படிவம் 20 வெளியானதும் கண்டறியலாம். ஒவ்வொரு பள்ளியிலும் உங்கள் கணிப்பு காட்டிய முன்னிலையிலிருந்து, அதே பள்ளியில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் காட்டிய முன்னிலையைக் கழியுங்கள். 40 பேட்டிகள் மட்டுமே உள்ள ஒரு பள்ளியில், இருமுனைப் போட்டியானால், தற்செயலாகவே 30 புள்ளிகள் வரை பிசகலாம். அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். ஆனால் அத்தகைய பிசகுகள் இரு பக்கமும் சிதறி ஒன்றையொன்று ஈடுகட்ட வேண்டும். 20 பள்ளிகளின் சராசரிப் பிசகு ஏறத்தாழ 7 புள்ளிகளைத் தாண்டி ஒரே பக்கம் நின்றால் அது தற்செயல் அன்று, வாயிலில் நேர்ந்த சாய்வு. எந்தெந்தப் பள்ளிகளில் மறுப்பு மிகுந்திருந்தது, எங்கே மாணவர்கள் தொலைவில் நிறுத்தப்பட்டார்கள் என்பதை அந்தப் பிசகுகளோடு வைத்துப் பார்த்தால் அதன் காரணமும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.