மாநிலப் புள்ளிவிவரத்தைப் பார்த்து முதலீட்டை மாற்றலாமா?

கேள்வி: மியூச்சுவல் ஃபண்டில் தலைக்கு அதிகப் பணம் உள்ள மாநிலங்களில் தனிநபர் வருமானமும் அதிகம் என்று ஒரு விளக்கப்படத்தில் பார்த்தேன். என்னிடம் 8 லட்ச ரூபாய் வங்கி டெபாசிட்டில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அது தேவைப்படும். அதைப் பங்கு ஃபண்டுக்கு மாற்றினால் எங்கள் நிலை உயருமா?

பதில்: அந்தப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மாநிலம், அதில் எந்தக் குடும்பமும் இல்லை. மகாராஷ்டிராவின் புள்ளி உயரத்தில் நிற்பதற்கு, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனங்கள் தங்கள் உபரிப் பணத்தை ஃபண்டுகளில் வைப்பதும் ஒரு காரணம். அந்தப் பணமும் அம்மாநிலக் கணக்கில்தான் சேர்கிறது. மேலும், தொழிலும் நகரமும் வளர்ந்த இடத்தில் வருமானமும் கூடும், ஃபண்டு விற்பனையும் கூடும். இரண்டையும் மூன்றாவது ஒன்று உயர்த்தும்போது, ஒன்று மற்றதற்குக் காரணம்போலத் தோன்றுவதைப் போலித் தொடர்பு என்கிறோம்.

தொடர்பு உண்மையாகவே இருந்தாலும், குழுவுக்குப் பொருந்துவது தனிமனிதருக்குப் பொருந்த வேண்டியதில்லை. கற்பனையாக இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். முதல் ஊரில் மாதம் 60,000 ரூபாய் ஈட்டுபவர் 30,000 ரூபாயை ஃபண்டில் போடுகிறார். 1,40,000 ஈட்டுபவரோ நிலம் வாங்குவதில் நாட்டம் உள்ளவர் என்பதால் 10,000 மட்டுமே போடுகிறார். இரண்டாம் ஊரில் 30,000 ஈட்டுபவர் 8,000 போடுகிறார், 50,000 ஈட்டுபவர் 2,000 போடுகிறார். சராசரி எடுத்தால் முதல் ஊருக்கு வருமானம் 1,00,000, முதலீடு 20,000. இரண்டாம் ஊருக்கு 40,000, 5,000. ஊர்களை ஒப்பிட்டால் வருமானமும் முதலீடும் சேர்ந்தே உயர்கின்றன. ஆனால் எந்த ஊருக்குள் நுழைந்து பார்த்தாலும் அதிகம் ஈட்டுபவரே குறைவாகப் போடுகிறார். நால்வரையும் ஒன்றாக வைத்துக் கணக்கிட்டால் தொடர்பு ஏறக்குறைய சுழியம்.

இது காகிதத்தில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை ஆராய்ந்த வில்லியம் ராபின்சன் என்ற சமூகவியலாளர், வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருப்பதை 1950இல் எடுத்துக்காட்டினார். இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை −1 முதல் +1 வரை காட்டும் தொடர்புக் கெழு சுமார் −0.53, அதாவது ஒன்று கூடும் இடத்தில் மற்றது குறைந்தது. தனிமனிதர்களாகக் கணக்கிட்டபோது அது +0.12 ஆயிற்று, அதாவது குடியேறியவர்களிடையே எழுத்தறிவின்மை சற்று அதிகமாகவே இருந்தது. உள்ளூர் மக்கள் நன்கு படித்திருந்த மாநிலங்களிலேயே அவர்கள் பெரும்பாலும் குடியேறியதுதான் காரணம். குறியே தலைகீழாக மாறியது என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் முடிவுக்கு உதவக்கூடியது, உங்களைப் போன்ற வருமானமும் கடமையும் உள்ள குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த தரவு மட்டுமே. அந்தப் படத்தில் அது இல்லை. அதைவிட, பணம் எப்போது தேவை என்பதே இங்கு முக்கியம். 2020 ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் நிஃப்டி 50 குறியீடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. கட்டணம் கட்டும் மாதத்தில் அப்படி ஒரு சரிவு வந்தால் காத்திருக்க உங்களுக்கு அவகாசம் இராது. எனவே அந்த 8 லட்சத்தை டெபாசிட்டிலேயே விட்டுவைத்து, முதிர்வுத் தேதி கட்டணத் தேதிக்குச் சற்று முன்னதாக அமையுமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.