கையில் பங்கு இல்லாமல் கால் ஆப்ஷன் விற்றால்

"மாதுங்காவிலிருந்து எழுதறேன். 1,000 ரூபாய்ப் பங்குக்கு 1,100 கால் விற்றால் பிரீமியம் 10 ரூபாய், லாட் 500 பங்கு. கையில் பங்கு இல்லை. ஸ்டாப்லாஸ் போட்டால் போதாதா சார்?"

போதாது சார். உங்களுக்கு அதிகபட்சம் கிடைப்பது 5,000 ரூபாய்தான். வாங்கியவருக்கு, பங்கு என்ன விலைக்குப் போனாலும் 1,100-க்குத் தருவதாக நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி அன்று 1,110-ஐத் தாண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் 500 ரூபாய் நஷ்டம். பங்கு விழுந்தால் பூஜ்யத்தில் நின்றுவிடும். ஏறுவதற்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

சந்தை மூடிய பிறகு காலாண்டு முடிவு வருகிறது, மறுநாள் 1,300-இல் திறக்கிறது என்று வையுங்கள். கால் விலை குறைந்தது 200 ஆகிவிடும். கால் 25 ரூபாய்க்கு ஏறினால் திரும்ப வாங்கிவிடும்படி ஸ்டாப்லாஸ் போட்டிருந்தாலும், இடையில் எந்த விலையிலும் வியாபாரமே நடக்கவில்லை. என்எஸ்இ ஆப்ஷனில் ஸ்டாப்லாஸ் லிமிட் விலையோடுதான் போட முடியும். அதைத் தாண்டித் திறந்தால் ஆர்டர் நிறைவேறாமல் தொங்கும். 200-இல் பிரீமியம் 10 போக, 190 பெருக்கல் 500, நஷ்டம் 95,000. புரோக்கர் பிடித்து வைக்கும் மார்ஜின் வெறும் பிணைதான், நஷ்டத்தின் உச்சவரம்பு அல்ல. இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள்.

விற்றே ஆகவேண்டுமென்றால் அதே எக்ஸ்பைரியில் 1,150 கால் ஆப்ஷனை முதலில் வாங்குங்கள். அது 4 ரூபாய் என்றால் வரவு 6-ஆகக் குறையும். ஆனால் பங்கு எங்கே போனாலும் நஷ்டம், இடைவெளி 50-இல் வரவு 6 போக, 44 ரூபாய் வீதம் 22,000-ஐத் தாண்டாது. எக்ஸ்பைரிக்கு முன் இரண்டையும் சேர்த்தே முடித்துவிடுங்கள்: பங்கு 1,100-க்கும் 1,150-க்கும் நடுவில் முடிந்தால், 500 பங்கை நீங்கள் டெலிவரி கொடுக்க வேண்டிவரும்.