டிரேடிங் டர்ன்ஓவர் எப்படி எண்ணப்படுகிறது

"ஃபியூச்சர்ஸில் எனக்கு நஷ்டம்தான், அப்புறம் டர்ன்ஓவர் எங்கிருந்து வந்தது? ஆடிட் வேண்டுமா?"

இந்திய வருமான வரிக் கணக்கில், ஒவ்வொரு டிரேடின் லாபத்தையும் நஷ்டத்தையும் கழிக்காமல் கூட்டினால் வருவதுதான் டர்ன்ஓவர். ஒன்றில் 60,000 லாபம், இன்னொன்றில் 85,000 நஷ்டம் என்றால் கையை விட்டுப் போனது 25,000, டர்ன்ஓவர் 1,45,000. பங்கு கைக்கு வராமல் விலை வித்தியாசம் மட்டும் கைமாறுவதால்தான் இப்படி. பைக்கில் 10 கிலோமீட்டர் போய்த் திரும்பினால் நிற்பது வீட்டு வாசலில்தான், ஆனால் மீட்டரில் 20 ஏறியிருக்கும் இல்லையா, அது மாதிரி.

இன்ட்ராடேக்கும் இதே கணக்குதான், ஆனால் அந்த நஷ்டத்தை அதே மாதிரியான லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும்; ஃபியூச்சர்ஸ் நஷ்டத்தை, சம்பளம் தவிர, அந்த வருஷத்து வட்டி, வாடகை வருமானத்திலும் கழிக்கலாம்.

லாட்டுகளின் முழு மதிப்பைக் கூட்டிவிட்டு, கோடி தாண்டிவிட்டதே என்று பலர் பயப்படுகிறார்கள். அது டர்ன்ஓவரே இல்லை, எல்லாம் வங்கி வழியே நடந்தால் ஆடிட் எல்லை பொதுவாக 10 கோடி.