மாட்டின் காது வில்லையில் நாட்டெழுத்துக்குப் பின் வரும் இலக்கங்களை எப்படி வாசிப்பது?

கேள்வி: தம்பி ஹட்டனில் இருந்து இங்கிலாந்துப் பால் பண்ணை வேலைக்குப் போகிறான். அங்கே மாட்டுக் காதில் UK 123459 400031 என்ற மாதிரி எழுதியிருக்குமாம். எதை எப்படி வாசிப்பது?

பதில்: UK நாடு. அடுத்த ஆறு இலக்கம் மந்தை எண். மாடு விற்கப்பட்டாலும் அது மாறாது. ஆகவே அது வில்லை போட்ட பண்ணையைத்தான் காட்டும், இப்போதைய சொந்தக்காரரை அல்ல.

கடைசி ஆறையும் ஒரே எண்ணாக வாசிப்பதுதான் புதியவர்கள் விடும் பிழை. முதலில் உள்ள 4 சரிபார்ப்பு இலக்கம், மாட்டின் எண் 00031. சரிபார்ப்பு இலக்கம் 1 முதல் 7 வரை சுற்றும்: அடுத்தடுத்த மாடுகள் 500032, 600033, 700034, பிறகு 100035.

இதன் பயன் சேறு படிந்த வில்லையில் தெரியும். 31ஐ 81 என்று வாசித்து 400081 என எழுதினால், 81க்கு வரவேண்டியது 5, 4 அல்ல. பிழை உடனே பிடிபடும். ஆனால் 1ஐ 8 என்றோ 0ஐ 7 என்றோ வாசித்தால் பிடிபடாது; வித்தியாசம் ஏழு என்பதால் சரிபார்ப்பு இலக்கம் அப்படியே இருக்கும். அந்த இலக்கங்களைத் துடைத்துவிட்டு மறு காதிலும் பாருங்கள். இரண்டு காதிலும் ஒரே எண்தான் இருக்க வேண்டும்.

பரிசோதகர் இரு காதையும் வாசித்து, மாட்டின் பாஸ்போர்ட்டோடும் பண்ணைப் பதிவேட்டோடும் ஒப்பிடுவார். வில்லை விழுந்தால், கண்ட நாளிலிருந்து 28 நாளுக்குள் அதே எண்ணில் புதியது போட வேண்டும். பால் பண்ணைக் கன்றுக்கு முதல் வில்லை பிறந்து 36 மணித்தியாலத்துக்குள், இரண்டாவது 20 நாளுக்குள்.