குத்துவிளக்கும் ‘தான்’, ‘அல்லவா’வும்

கேள்வி: என் அம்மாவைப் பற்றி, குத்துவிளக்கு வடிவில் வரிகள் அமையும்படி ஒரு கவிதை எழுதினேன். தண்டு ஒல்லியாக வர, சில சொற்களை உடைத்தேன். அடிப்பாகத்தை ‘தான்’, ‘அல்லவா’ போட்டு நிரப்பினேன். தோழிகள் பாராட்டினார்கள். அண்ணன் மட்டும் “வித்தை காட்டுறே” என்கிறான். அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டதால் அவரிடம் காட்டவில்லை. கவிதை எங்கே வித்தையாகிறது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர் ஒருவரைத் தவிர ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறீர்கள். காட்ட முடியாவிட்டால் என்ன, படித்துச் சொல்லக் கூடாதா? பெற்றவளைப் பற்றிய கவிதை முதலில் அவள் காதுக்குத்தான் போக வேண்டும். நீங்கள் தயங்கியதற்குக் காரணம் அவர் பார்வை அல்ல. வாய்விட்டுப் படித்தால் விளக்கு காணாமல் போய், ‘அல்லவா’ மட்டும் மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும்.

1633-இல் அச்சான ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் ‘ஈஸ்டர் சிறகுகள்’ என்ற ஆங்கிலக் கவிதையைப் பாருங்கள். முதல் பத்தியில் வரிகள் பத்து அசையில் தொடங்கி இரண்டு அசைக்குச் சுருங்கி, மீண்டும் பத்துக்கு விரிகின்றன. எல்லாம் பெற்றிருந்த மனிதன் ஒவ்வொன்றாக இழந்து, ‘பரம ஏழை’ ஆகிவிட்டான் என்கிற இடம்தான் மிகக் குறுகிய வரி. கடவுளோடு சேர்ந்து எழும்போது வரியும் நீள்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் மூச்சு சுருங்கி விரிவது தெரியும். நம் எழுகூற்றிருக்கை என்ற பாட்டு வகையும் அப்படித்தான். 1 2 1, பிறகு 1 2 3 2 1 என்று ஏழு வரை ஏறி இறங்கும் எண்கள் பாட்டின் சொற்களிலேயே ஒலிக்கின்றன. அதைத் தேராக வரைவது பிறகுதான்.

நீங்கள் படத்தை முதலில் வரைந்துவிட்டு, அதற்குள் சொல்லைத் திணித்தீர்கள். எழுத்தை எண்ணி வடிவம் பிடிப்பதும் தமிழில் சரிப்படாது. ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலமா? எழுத்துரு மாறினால் தண்டு கோணிக்கொள்ளும். சீரை எண்ணுங்கள். ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறக்கிப் பாருங்கள்:

திரியைத் தூண்டி எண்ணெய் ஊற்றி ஏற்றுவாள்
இப்போது எண்ணெயைத் தடவித் தேடுகிறாள்
தீப்பெட்டி எங்கே என்கிறாள்
விளக்கு எரிகிறது
அவளுக்கில்லை

வரி குறுகக் குறுக அவள் உலகமும் குறுகுகிறது. இங்கே ஒரு ‘தான்’ சேர்த்தாலும் உறுத்தும். இதற்குமேல் விளக்கின் அடிப்பாகம் வேண்டுமென்றால், வரி மறுபடி அகல்வதற்கு அம்மாவின் வாழ்க்கையில் ஏதாவது காரணம் இருக்க வேண்டும். இல்லையா, தண்டோடு நிறுத்துங்கள். பாதி விளக்கு குற்றமில்லை.

உடைத்த சொற்களையெல்லாம் ஒட்டவையுங்கள். முழுவதையும் இடப்பக்கம் ஒட்டி, உரைநடை மாதிரி எழுதிக்கொண்டு, இன்று மாலையே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். அவர் எந்த வரியில் ‘ம்’ கொட்டாமல் விடுகிறாரோ, அந்த வரியை அடித்துவிடுங்கள். அண்ணனையும் கூட உட்கார வையுங்கள்.