ஒன்றரை டம்ளர் தண்ணீரும் குழைந்த நூடுல்ஸும்

கேள்வி: சாயங்காலம் பசங்களுக்கு நூடுல்ஸ் செய்யும்போது இரண்டு பாக்கெட்டுக்கு மூன்று டம்ளர் தண்ணீர் வைக்கிறேன். பாக்கெட்டில் சொன்னபடி இரண்டு நிமிடம் கொதித்தாலும் தண்ணீர் அப்படியே நிற்கிறது, வற்றும்வரை விட்டால் கூழாகிவிடுகிறது. பெரியவன் "என்னம்மா, களி கிண்டியிருக்க" என்கிறான். கொஞ்சம் கடிபடுகிற மாதிரி வர எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம்? – ஒரு வாசகி, திருச்சி

மூன்று டம்ளர் என்று எழுதிவிட்டீர்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. கடிபடுகிற பதம் வேண்டுமென்றால் 70 கிராம் பாக்கெட் இரண்டுக்கு 300 மில்லி தண்ணீர் போதும். ஒரு பாக்கெட் மட்டும் என்றால் 180 மில்லி. நூடுல்ஸ் உள்ளே போய்த் தண்ணீர் மறுபடி கொதிக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம், அவ்வளவுதான். அடியில் இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். மீதியெல்லாம் இது ஏன் என்கிற கதை, ஆனால் அது தெரியாவிட்டால் அடுத்த வாரமே மூன்று டம்ளருக்குத் திரும்பிவிடுவீர்கள்.

நூடுல்ஸ் கட்டி நீங்கள் நினைக்கிற மாதிரி பச்சை மாவு இல்லை. தொழிற்சாலையிலேயே ஆவியில் வெந்து, எண்ணெயில் பொரிந்து வந்ததுதான். 1958-இல் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த உத்தி இது: பொரிக்கும்போது இழைக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே ஓடும், ஓடிய வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நிற்கும். நீங்கள் அடுப்பில் செய்வது அந்தத் துளைகளுக்குள் சுடுதண்ணீரை ஏற்றுவது மட்டும்தான். அரிசியோ பருப்போ வேகிற மாதிரி இது வேகுவதில்லை, ஊறுகிறது. ஊறுகிற பொருளைத் தண்ணீரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் குடித்துக்கொண்டேதான் இருக்கும், போதும் என்று அதுவாக நிறுத்தாது.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். வீட்டு எவர்சில்வர் டம்ளர் பெரும்பாலும் 200 முதல் 250 மில்லி பிடிக்கும். உங்களுடையது 250 என்று வைத்துக்கொண்டால் நீங்கள் ஊற்றியது 750 மில்லி. கடிபடுகிற பதத்துக்கு இரண்டு கட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 150 மில்லி குடிக்கும். நடுத்தரத்துக்கு மேலான தீயில், திறந்த பாத்திரத்தில், நிமிடத்துக்குச் சுமார் 25 மில்லி ஆவியாகும், ஆக இரண்டு நிமிடத்தில் 50. மசாலா ஒட்டிக்கொள்ளவும், தட்டில் போட்ட பிறகு இழை இழுத்துக்கொள்ளவும் மீதி 100 மில்லி. 150, 50, 100, மொத்தம் 300. உங்கள் பாத்திரத்தில் இதற்கு மேல் 450 மில்லி நிற்கிறது. அது ஆவியாகியே தீர வேண்டும் என்றால் இன்னும் கால் மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வேண்டும், அத்தனை நேரமும் உள்ளே கிடக்கிற நூடுல்ஸ் குடித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வற்றும் நேரமும் நூடுல்ஸ் பதமாகும் நேரமும் வேறு வேறு, அந்த இரண்டையும் ஒரே இடத்தில் முடித்துவைப்பது தண்ணீர் அளவு மட்டும்தான். பாத்திரம் மாற்றுவது, தீயைக் குறைப்பது, எண்ணெய் விடுவது எல்லாம் அப்புறம்.

பாக்கெட்டின் மேல் எனக்கு இருக்கிற பழைய கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். 1983-இல் மேகி இந்தியாவுக்கு வந்ததிலிருந்து 'இரண்டு நிமிடம்' என்பது நம் எல்லோர் நாக்கிலும் ஏறிவிட்டது, ஆனால் எத்தனை தண்ணீருக்கு இரண்டு நிமிடம் என்பது ஏறவே இல்லை. பின்பக்கம் 'ஒன்றரை கப்' என்று இருக்கும், எந்தக் கப்? நம் வீட்டில் கப் கிடையாது, டம்ளர்தான். பக்கத்திலேயே 210 மில்லியோ 225-ஓ என்று எழுதியிருப்பார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு விளக்கடியில் பிடித்தால் தெரியும். நிகர எடையும் விலையும் தேதியும் பாக்கெட்டில் இருந்தாக வேண்டும் என்று சட்டம் வைக்கத் தெரிகிறது, சமைக்கிறவளுக்குத் தேவையான அந்த ஒரே எண்ணைப் பெரிதாகப் போடச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்னொன்று, அந்த 210 மில்லி கொஞ்சம் கொழகொழவென்று இருப்பதை விரும்புகிறவர்களுக்குச் சரியான அளவு. நீங்கள் கேட்கிற கடி வேண்டுமென்றால் 180.

அளவுக் கோப்பை இல்லையென்றால் வாங்க ஓட வேண்டாம். நாளைக் காலை அரை லிட்டர் பால் பாக்கெட்டை வெட்டியதும் நேரே உங்கள் டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். இரண்டு டம்ளர் நிறைந்தால் அது 250 மில்லி டம்ளர், இரண்டரை வந்தால் 200. முதல் வகையானால் இரண்டு பாக்கெட்டுக்கு ஒன்றேகால் டம்ளருக்கு ஒரு சொட்டுக் குறைவாக, இரண்டாவதானால் சரியாக ஒன்றரை. நகத்தால் ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டால் பசங்களே ஊற்றிக்கொள்வார்கள்.

செய்கிற விதம் இதுதான். அகலமான, தட்டையான பாத்திரம் எடுங்கள், இரண்டு கட்டியும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கிற அகலம் வேண்டும். தண்ணீர் நன்றாகத் தளபுளவென்று கொதித்த பிறகு கட்டியை உடைக்காமல் போடுங்கள். கொதி அடங்கும், மறுபடி எழும்பும்போது நேரத்தைப் பாருங்கள். முக்கால் நிமிடத்தில் அடிப்பக்கம் இளகியிருக்கும், கரண்டியால் அப்படியே புரட்டிப் போடுங்கள், கிண்டாதீர்கள். இன்னொரு அரை நிமிடத்தில் முள்கரண்டி விட்டால் இழைகள் தாமாகப் பிரியும், மசாலாவைத் தூவிப் பிரட்டுங்கள். மூடி போடவே கூடாது, போட்டால் ஆவியாக வேண்டிய தண்ணீர் திரும்ப உள்ளேயே சொட்டும்.

ஒன்றேமுக்கால் நிமிடத்தில் ஓர் இழையை எடுத்து விரல் நகத்தால் நறுக்கி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் நீங்கள் தேடுகிற நேரம், அணைத்துவிடுங்கள். புள்ளி அதைவிடத் தடித்துத் தெரிந்தால் இன்னொரு கால் நிமிடம். புள்ளியே இல்லையென்றால் கடந்துவிட்டீர்கள், இனி தட்டில் போவதற்குள் இன்னும் மெத்தென்று ஆகும். இழையின் சுருளும் சொல்லும்: பதமாக இருக்கும்வரை அலை அலையாக நிற்கும், சுருள் நிமிர்ந்து கயிறு மாதிரி தொங்கினால் போச்சு. அணைத்ததும் பாத்திரத்திலேயே விட்டுவிட்டுப் பசங்களைக் கூப்பிடப் போகாதீர்கள். அந்தச் சூட்டிலேயே அது ஊறிக்கொண்டிருக்கும். அகலத் தட்டில் பரப்புங்கள், மிச்சமிருந்த அந்த இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் அரை நிமிடத்தில் மசாலாவோடு இழையில் ஏறிவிடும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் உறவுக்காரர்கள் வந்த அன்றைக்கு நீங்கள் கட்டாயம் இதைச் செய்வீர்கள். நான்கு பாக்கெட். இரண்டு பாக்கெட்டுக்கு 300 என்றால் நான்குக்கு 600 என்று மனம் சொல்லும். ஆவியாகிறது பாத்திரத்தின் அகலத்தைப் பொறுத்தது, பாக்கெட் எண்ணிக்கையை அல்ல. அதனால்தான் ஒன்றுக்கு 180 ஆனாலும் இரண்டுக்கு 360 ஆகவில்லை, அடுத்த பாக்கெட்டுக்கு 120 மட்டும் சேர்த்தோம். அதே கணக்கில் நான்குக்கு 540 வரும், ஆனால் அதையும் நான் செய்யச் சொல்ல மாட்டேன். நான்கு கட்டி ஒன்றாக விழுந்தால் கொதி அடங்கி மறுபடி எழும்ப வெகுநேரம் பிடிக்கும், அடுக்கின் அடியில் இருக்கிற இரண்டும் ஊறிக்கொண்டே இருக்க, மேலே இருக்கிற இரண்டும் தண்ணீருக்கு வெளியே காய்ந்து கிடக்கும், அதைப் பார்த்துப் பதறி இன்னொரு டம்ளர் ஊற்றுவீர்கள். இரண்டிரண்டாக இரண்டு தடவை செய்யுங்கள். அவசரமென்றால் வேறு வழி: இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு நான்கையும் போட்டு, வெள்ளைப் புள்ளி கொஞ்சம் பெரிதாக இருக்கும்போதே வடிகட்டி, வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயில் மசாலாவோடு இரண்டு கை தண்ணீர் தெளித்து ஒரு பிரட்டு. தள்ளுவண்டிக் கடையில் தனித்தனியாக வருகிற ரகசியம் இந்த வடிகட்டிதான்.

இன்னும் கூழாகிறதா, அப்படியென்றால் பாக்கெட்டைச் சந்தேகப்படுங்கள். கடையில் பெட்டியின் அடியில் நசுங்கின சரக்கைத் தனியாக விற்க முடியாது, ஆகவே சில கடைகளில் நாலு பாக்கெட்டை ஒட்டி 'ஆஃபர்' என்று முன்னால் வைப்பதும் உண்டு. நொறுங்கின துண்டு முழுக் கட்டிக்கு முன்னாலேயே குடித்து முடித்துவிடும், அதுதான் அடியில் கூழாகப் படிகிறது. வாங்கும்போது கையில் அழுத்திப் பாருங்கள், கட்டி ஒரே துண்டாக இருக்க வேண்டும். வாசலில் வெயிலில் சரமாகத் தொங்குகிறதையும் வாங்காதீர்கள், பொரித்த எண்ணெய் காறிப்போயிருக்கும். நான் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்த்த காலத்தில் திரும்பி வந்த பெட்டிகளில் பாதி இந்த வெயில் சரக்குதான், திட்டு மட்டும் எங்களுக்கு.

'சிறுதானிய நூடுல்ஸ்' என்று இரட்டை விலைக்குத் தலையில் கட்டுகிறவர்களிடமும் உஷார். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். அங்கே கோதுமை மாவோ மைதாவோ முதலில் இருந்து கம்பும் தினையும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் கூடுதலாகக் கொடுத்த காசு அட்டைப் படத்துக்குத்தான். நிஜமாகவே தானியம் அதிகமிருந்தால் இழை சீக்கிரம் உடையும், அதற்கு என் இரண்டு நிமிடக் கணக்கு செல்லாது, ஒரு நிமிடத்திலிருந்தே நகத்தால் நறுக்கிப் பாருங்கள்.

காய் போடுகிற வழக்கம் இருந்தால் கேரட்டையும் பீன்ஸையும் தனியாக வேகவைத்துக் கடைசியில் சேருங்கள், நூடுல்ஸோடு வேகவிட்டால் காய்க்காக நூடுல்ஸ் காத்திருந்து குழையும். முட்டைக்கோஸ் மட்டும் பச்சையாகவே போடலாம், அது தண்ணீர் விடும் என்பதால் 300-இலிருந்து இரண்டு ஸ்பூன் எடுத்துவிடுங்கள்.