ஸ்கேன் செய்த தாளில் எண் மாறுமா? வாசகர் கேள்வி-பதில்

பிடிஎஃப் கோப்பில் `FlateDecode` போட்டுச் சுருக்கினால் தாளின் தரம் குறையுமா? (பீனிக்ஸ்)

குறையாது. உள்ளே போன பைட் ஒன்றுகூட மாறாமல் வெளியே வரும்.

ஒரே படத்துக்கு `[/ASCII85Decode /DCTDecode]` என்று இரண்டு ஃபில்டர் இருக்கிறது. எதை முதலில் அவிழ்ப்பது? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

எழுதியிருக்கும் வரிசையிலேயே. முதலில் `ASCII85Decode`, பிறகு `DCTDecode`. முதலாவது எதையும் சுருக்குவதில்லை. 4 பைட்டை 5 எழுத்தாக்கி, கோப்பைக் கால் பங்கு பருக்க வைக்கிறது. தாராளமாக எடுத்துவிடலாம். இரண்டாவது ஜேபெக். அதில் ஏற்கெனவே போன தரம் திரும்ப வராது.

கொள்ளுத் தாத்தாவின் ஒப்பந்தக் காலனி எண்ணைத் தேடுகிறேன். குடும்பத்திலுள்ள தட்டச்சுப் பட்டியலில் 86 ஆயிரத்துச் சொச்சம். உறவினர் ஸ்கேன் செய்து அனுப்பிய பிடிஎஃப்பில் அதே வரி 88 ஆயிரம். படம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது. தாள்தான் தப்பா? (டர்பன்)

தாள் தப்பில்லை. ஸ்கேனில் ஆறு எட்டாகிவிட்டது. படம் தெளிவாக இருப்பதும் அதே காரணத்தால்தான்.

கறுப்பு வெள்ளையாக மட்டும் ஸ்கேன் செய்த பக்கத்துக்குப் பிடிஎஃப்பில் இரண்டு ஃபில்டர்கள் வழக்கம். பழையது `CCITTFaxDecode`, ஃபேக்ஸ் காலத்து முறை. அதற்கு எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. புள்ளிகளை மட்டும் வரிவரியாகக் குறித்துக்கொள்ளும், எதையும் இழக்காது. புதியது `JBIG2Decode`, பேச்சில் ஜேபிக்2. இது இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்று, பக்கம் முழுவதையும் புள்ளிகளாகவே சுருக்குவது. அதில் ஆபத்தில்லை. மற்றது, ஒட்டியிருக்கும் கறுப்புத் துண்டு ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, ஒன்றுபோல் தெரிவதையெல்லாம் ஒரே அச்சாக அகராதியில் வைப்பது. பிறகு பக்கத்தில் ‘இந்த இடத்தில் 37ஆம் அச்சு’ என்று மட்டும் எழுதி வைக்கும். 300 டிபிஐ ஏ4 பக்கம் சுருக்காமல் சுமார் 1 எம்பி. ஃபேக்ஸ் முறையில் 50 கேபி அளவுக்கு வரும். அச்சு முறையில் 15 கேபிக்கும் இறங்கலாம். இந்த ஆசையில்தான் எல்லோரும் விழுகிறார்கள்.

எது ‘ஒன்றுபோல்’ என்று முடிவு செய்வதில்தான் கோளாறு. பரவலான ஒரு கணக்கு இது: இரு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டிலும் கறுப்பாக விழும் புள்ளிகளை எண்ணி, அந்த எண்ணிக்கையின் வர்க்கத்தை இரண்டின் கறுப்புப் புள்ளிகளின் பெருக்குத்தொகையால் வகுப்பார்கள். விடை எல்லையைத் தாண்டினால் இரண்டும் ஒன்றே. எல்லை 0.92 என்று வைத்துக்கொள்வோம்.

200 டிபிஐயில் பொடி எழுத்து ஆறு ஒன்று சுமார் 15 புள்ளி உயரம், கறுப்பு 60 என்று கொள்ளுங்கள். எட்டுக்கு வலது மேல் பக்கத்து இடைவெளி அடைபட்டிருக்கும், ஆகவே 64. ஆறு முழுவதும் எட்டுக்குள் அடங்கினால்:

```
60 × 60 / (60 × 64) = 0.94
```

தேறிவிட்டது. இனி, அதே தட்டச்சுப் பொறி அடித்த இன்னொரு ஆறு. மை சற்றே பரவி கறுப்பு 61, பொருந்துவது 57:

```
57 × 57 / (60 × 61) = 0.89
```

தேறவில்லை. ஆறும் ஆறும் வேறாகி, ஆறும் எட்டும் ஒன்றாகிவிட்டன. ஓர வழுவழுப்பின்மைக்கும் எழுத்தின் உண்மையான வேறுபாட்டுக்கும் இந்தக் கணக்கில் வித்தியாசம் கிடையாது. டிபிஐ கூடினால் ஓரத்துக் கறை எழுத்தின் அளவோடு ஒப்பிடச் சிறுத்துப்போகும், அந்த இடைவெளியோ எழுத்தோடு சேர்ந்து வளரும். ஆபத்து குறைவதற்குக் காரணம் அதுதான். குறையும் என்றுதான் சொல்கிறேன், போகும் என்று சொல்லவில்லை.

ஜேபெக் கெடுத்தால் மங்கல் தெரியும், வாசகர் சந்தேகப்படுவார். இங்கே வைக்கப்படுவது இன்னொரு இடத்திலிருந்து எடுத்த நிஜமான, கூர்மையான எட்டு. அகராதி பல பக்கங்களுக்குப் பொதுவாக இருந்தால், 3ஆம் பக்கத்து எட்டு 40ஆம் பக்கத்து ஆறின் இடத்தில் வந்து உட்காரும். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர் வெளிப்படுத்திய கட்டட வரைபடத்தில், 14.13, 17.42, 21.11 சதுர மீட்டர் என்றிருந்த மூன்று அறைகளும் நகலில் 14.13 என்றே வந்தன. அங்கே ஓரெழுத்து அல்ல, எண் முழுவதுமே ஒரு துண்டாக மாறியிருந்தது.

நேட்டால் பட்டியலுக்கு இது மற்ற எதையும்விடக் கொடுமை. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த சுமார் ஒன்றரை லட்சம் பேருக்கும் எண் தொடர்ச்சியாகப் போகிறது. நடுவில் ஓர் இலக்கம் மாறினாலும் கிடைப்பது இன்னொருவருடைய சரியான எண். வேறு கப்பல், வேறு ஊர், வேறு தகப்பன் பெயர். தப்பு என்று காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. நம் முன்னோரிடம் மிச்சமிருப்பது பலருக்கு அந்த ஓர் எண்தான். அதைச் சில கேபி மிச்சப்படுத்துவதற்காகப் பணயம் வைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. எண்ணுள்ள தாளை அச்சு முறையில் சுருக்காதீர்கள். தட்டச்சுப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருங்கள், அதுதான் சாட்சி.

கோப்பைச் சோதிக்க:

```
pdfimages -list pattiyal.pdf
grep -a -c JBIG2Globals pattiyal.pdf
```

முதல் கட்டளையில் `enc` என்ற பத்தியைப் பாருங்கள். `ccitt` என்றால் இந்தக் கவலை இல்லை. `jbig2` என்றால் இரண்டாவதையும் ஓட்டுங்கள். பூஜ்யத்துக்கு மேல் வந்தால் பொது அகராதி இருக்கிறது, அந்தக் கோப்பிலுள்ள எண்களை நம்பாதீர்கள். பூஜ்யம் வந்ததால் மட்டும் நிம்மதி அடையவும் முடியாது, அகராதி பக்கத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம்.

கோப்பு கெட்டுவிட்டது. டிஃப் ஆக்கி மறுபடி பிடிஎஃப் ஆக்கினேன். சரியாகிவிட்டதா? (சாட்ஸ்வர்த்)

இல்லை. எந்த ஸ்கேனர், எத்தனை டிபிஐ, எந்த அமைப்பு என்று ஒன்றும் எழுதாமல் ‘கெட்டுவிட்டது’ என்றால் நான் எதைப் பார்ப்பது? ஒன்று மட்டும் உறுதி. போன ஆறு கோப்பில் எங்கும் இல்லை. டிஃப் ஆக்கினால் தப்பான எட்டு அப்படியே நிலைத்துவிடும். மேலே சொன்ன சோதனையில் `jbig2` என்ற தடயமும் அழிந்துபோகும், அது கூடுதல் நஷ்டம். மூலத் தாளை மறுபடி ஸ்கேன் செய்வதுதான் வழி. 300 டிபிஐக்குக் குறையாமல், சாம்பல் நிறத்தில் அல்லது ஜி4 என்ற ஃபேக்ஸ் முறையில். ஸ்கேனர் திரையில் ‘சிறிய கோப்பு’, ‘அதிகச் சுருக்கம்’ போன்ற தேர்வுகளைத் தொடாதீர்கள். மூலத் தாளைக் கழித்துக் கட்டிவிட்டு எனக்கு எழுதுபவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை.

தமிழ் எழுத்துக்கும் இந்த ஆபத்து உண்டா? கோயில் கமிட்டியின் பழைய மினிட்ஸ் புத்தகங்களை ஸ்கேன் செய்கிறோம். (டர்பன் வடக்கு)

அச்சடித்ததற்கு உண்டு. எ, ஏ இரண்டுக்கும் வால்தான் வித்தியாசம். ர, கால் இரண்டும் பல பழைய அச்சுகளில் ஏறக்குறைய ஒன்றே. கையெழுத்தில் துண்டுகள் ஒன்றுபோல் அமைவது அரிது, ஆகவே ஆபத்தும் குறைவு. ஆனால் உங்கள் மினிட்ஸில் வரவு செலவு எண்கள் இருக்கும். எண்ணுள்ள தாள் என்றால் அச்சு முறை வேண்டாம். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போவது வேறு கதை. அது தூசி நீக்கும் அமைப்பின் வேலை, அதை அணைத்துவிடுங்கள்.

ஜி4 படத்தை நானே பிடிஎஃப்பில் வைத்தேன். பக்கம் சாய்ந்து, கிழிந்ததுபோல வருகிறது. (ஜோகன்னஸ்பர்க்)

`/Columns` எழுத மறந்திருக்கிறீர்கள். எழுதாவிட்டால் 1728 என்று எடுத்துக்கொள்ளும், உங்கள் 300 டிபிஐ ஏ4 பக்கமோ 2480. கூடவே `/K -1` இருக்கிறதா என்றும் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் தலைகீழாக வந்தால் `/BlackIs1`ஐ மாற்றுங்கள்.